முதலில் அட்மினுக்கு அனுப்பவும்

எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயர் ‘பலெர்மோ தமிழ் உறவுகள்’. நூற்றெண்பத்தேழு பேர் இருக்கிறார்கள். அட்மின் நான் ஒருவன்தான், சிவபாலன். இன்னொருவரையும் அட்மின் ஆக்கும்படி எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள், நான் அசையவில்லை. ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பதினொரு வருடம் இலிகிதராக இருந்தவன் நான். ஒரு கடிதத்தை எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இங்கே இத்தாலியில் ஒரு பணக்காரச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் பளிங்குத் தரை துடைக்கிறேன், அவருடைய நாயைக் குளிப்பாட்டுகிறேன். ஆனால் குழுவில் நான் எழுதுகிற வசனத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. அதில் எனக்குத் தலைக்கனமும் இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டாயிரத்துப் பதினேழு ஆடி மாதம் குழு சந்தைக்கடை போலாகிவிட்டது. இலங்கையில் டெங்குக் காய்ச்சல் பரவிய நேரம். விடிந்து போனைத் திறந்தால் எண்பது செய்திகள் நிற்கும். இன்ன ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்களாம், பிணம் வைக்க இடமில்லையாம், இன்ன இலையை அரைத்துக் குடித்தால் மறுநாளே எழும்பி நடக்கலாமாம். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸோ, வதிவிட அனுமதி, புதுப்பிக்கப் போன நம்மவர் முப்பது பேரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றும் ஒன்று வந்தது. அந்த முப்பது பேரில் ஒருவரையாவது யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். கேட்டதற்கு ஒருவர் கைகூப்பிய பொம்மை போட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக அம்பலவாணரின் விஷயம் வந்தது. பிரசாந்தினி என்றொரு பெண், வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில் இருக்கிறாள். அவளுடைய தகப்பன் அம்பலவாணர் ஊரில். ஒரு சனிக்கிழமை விக்னராஜா குழுவில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் படத்தைப் போட்டான். மங்கலான படம். பெயர் அம்பலவாணர், ஊரும் அதே ஊர். ஊரிலுள்ள போனுக்கு எடுத்தால் அணைத்துக் கிடந்தது. ஒரு மணித்தியாலத்தில் பிரசாந்தினியின் வீட்டில் நாற்பது பேர் நின்றோம். அவள் நெஞ்சில் அடித்து அழுதாள். சாவுத் துடக்கு என்று கோயிலுக்குச் சொல்லித் தன்னுடைய திருவிழா உபயத்தையும் விட்டுக்கொடுத்தாள். நான் தேநீரோடு பிஸ்கட்டும் சாப்பிட்டேன். பின்னேரம் ஐந்து மணிக்கு அம்பலவாணரே எடுத்து, போனுக்குச் சார்ஜ் இல்லாமல் போய்விட்டது, என்ன பிள்ளை இத்தனை தரம் எடுத்திருக்கிறாய் என்று கேட்டார். செத்தவர் அடுத்த வட்டாரத்தில் உள்ள வேறொரு அம்பலவாணர். பிரசாந்தினி அந்த இடத்திலேயே மயங்கி விழுந்து, பிரஷர் ஏறி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

விக்னராஜா கெட்டவன் இல்லை. ஒரு உணவகத்தில் சட்டி கழுவுகிறான். யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் ஓடிவருகிறவன் அவன்தான். கைதான் நிற்காது. வந்ததை வந்தபடி தள்ளிவிடுவான். அப்போதெல்லாம் அட்மின் என்றால் ஆளைத் தூக்கலாம், அவர் போட்டதைத் தூக்க முடியாது. போட்டது போட்டதுதான், நூற்றெண்பத்தேழு போனிலும் கிடக்கும். அதனால்தான் ஒரு அறிவித்தல் எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதி, என் மனைவி குகனேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன்.

“‘மூளையை அடகு வைத்தவர்கள் போல் கண்டதையும் அனுப்பும் சில உறவுகளுக்கு, குறிப்பாக விக்னராஜாவுக்கு…’”

அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“இதை அனுப்பினியள் எண்டா நாளைக்குக் குழுவிலை நீங்களும் நானும்தான் மிஞ்சுவம்” என்றாள்.

“பின்னை என்ன, கொஞ்சச் சொல்லுறியே?”

“கொஞ்ச வேண்டாம். மரியாதையாச் சொல்லுங்கோ. விக்னன்ரை பேரை எடுங்கோ, அது ஊருக்கே தெரியும். அந்த மூளையையும் எடுங்கோ.”

மூளையை எடுத்தேன். அதற்குப் பதில் ‘அன்பான உறவுகளே’ வந்தது. ‘கண்டதையும்’ போய் ‘நல்ல நோக்கத்துடன் பகிரப்படும் செய்திகளில் சில’ என்று ஆனது. ‘தூக்கி எறிவேன்’ என்று எழுதியிருந்ததை அவள் மூன்று தரம் மாற்றினாள். ஆனால் சாவு, விபத்து, நோய்ச் செய்தி எல்லாம் முதலில் எனக்கு வர வேண்டும் என்ற விதியில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பணிவாக எழுதலாம், வளைந்து எழுதக் கூடாது என்றேன்.

“சாவுச் செய்தி சரி, நோய் வருத்தத்தை ஏன் சேர்க்கிறியள்?” என்று கேட்டாள்.

“டெங்கு டெங்கு எண்டுதானே போட்டுச் சாகடிக்கிறாங்கள். அது வருத்தமில்லாமல் வேறை என்ன?”

“எல்லாம் உங்களிட்டை வந்தா, நீங்கள் வேலையிலை நிக்கேக்கை ஆர் பாக்கிறது?”

“ரெண்டு மணித்தியாலம் பிந்தினா ஒண்டும் கவிழ்ந்து போகாது.”

அப்படித்தான் சொன்னேன். அன்று பின்னேரம் இதை அனுப்பினேன்:

“அன்பான உறவுகளே, வணக்கம். நல்ல நோக்கத்துடன் பகிரப்படும் செய்திகளில் சில உண்மைக்குப் புறம்பானவையாக இருந்து, நம்மவர் சிலருக்கு வேதனை தந்துள்ளன. எனவே உறுதிப்படுத்தாத எந்தச் செய்தியையும் இங்கு பகிர வேண்டாம் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். மரணம், விபத்து, நோய் பற்றிய செய்திகளை முதலில் அட்மினுக்குத் தனிப்பட அனுப்பவும். சொன்னவர் யார், எங்கே, எப்போது என்ற விபரமும் தேவை. அட்மின் உறுதிப்படுத்திய பின்னரே அவை குழுவில் இடப்படும். இதற்கு மாறாகப் பகிர்வோரை, மனவருத்தத்துடன், குழுவிலிருந்து விலக்க நேரிடும். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.”

ஐம்பத்தொரு கட்டைவிரல்கள் விழுந்தன. பிரசாந்தினி ஒரு பந்தி எழுதி நன்றி சொன்னாள். கடைசியாக விக்னராஜா எழுதினான்: “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அட்மின் அண்ணை. இனி உங்களிட்டைக் கேக்காமல் ஒண்டும் போடமாட்டன்.” எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அறிவித்தலை இன்னும் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன்.

பத்து நாள் குழு கோயில் வீதி போலச் சுத்தமாகக் கிடந்தது. பதினோராவது நாள், வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பதுக்கு விக்னராஜாவிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. சிஞ்ஞோராவின் வீட்டில் அன்று மத்தியானம் விருந்து. வெள்ளிக் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். குசினிக் கதவைச் சாத்திவிட்டுப் போனைக் காதில் வைத்தேன். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம், சட்டி மோதும் சத்தம்.

“அண்ணை, செல்வராசான்ரை தமையன் இப்ப எடுத்தவர். செல்வராசாவுக்கு டெங்குவாம், நாலு நாளா ஆஸ்பத்திரியிலை. நல்லா ஏலாமப் போச்சுதாம். பரமேஸ்வரிக்கு இன்னும் சொல்லேல்லை. அவன் அவளோடை கதைக்க வேணும் எண்டு கேட்டுக்கொண்டு கிடக்கிறானாம். தானா எடுத்தா அவள் தனிய நிண்டு பயப்பிடுவாளாம், ரெண்டு பொம்பிளையள் போய்ப் பக்கத்திலை இருந்து, ஆறுதலாச் சொல்லி, எடுத்துக் குடுக்கட்டாம். எனக்கு அவள் வேலை செய்யிற புது வீடு தெரியாது. குழுவிலை போடட்டோ?”

பரமேஸ்வரி வன்னிப் பெண். சண்டை முடிந்த பிறகு தனியாக வந்து சேர்ந்தவள். பகலில் ஒரு கிழவியைப் பராமரிக்கிறாள், இரவில் பிரான்காச்சோவில் கேசினி என்ற பெண்ணோடு ஒரே அறையில் தங்குகிறாள். செல்வராசா அவளுடைய புருஷன், வன்னியில் மணல் லொறி ஓட்டுகிறவன். அவள் எங்கள் குழுவில் இல்லை. மே மாதம் வந்தால் சனம் போடுகிற யுத்தப் படங்களைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு விலகியவள்.

அவளுடைய நம்பர் என் போனில் இருந்தது. அதை நான் அழுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் சனம் அப்படிச் செய்வதில்லை. வெளிநாட்டில் தனியாக நிற்கிற ஒருத்திக்குக் கெட்ட செய்தியைப் போனில் நேரே சொல்லமாட்டோம். வேறொருவருக்குச் சொல்லி, அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் குடிக்கக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டுதான் வாயைத் திறப்போம். தமையன் அதனால்தான் விக்னராஜாவுக்கு எடுத்தார். விக்னராஜாவும் முந்தி என்றால் குழுவில் ஒரு வரி தட்டியிருப்பான், பத்து நிமிடத்தில் யாராவது ஒரு பெண் பஸ் ஏறியிருப்பாள்.

எனக்கு அந்த நேரத்தில் ஆத்திரம்தான் வந்தது. மறுபடியும் டெங்கு, மறுபடியும் விக்னராஜா! அம்பலவாணர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார். கரண்டியை வைத்துவிட்டு ஒரு விரலால் எழுதினேன்: “தம்பி, தகவலுக்கு நன்றி. குழுவில் போட வேண்டாம். எந்த ஆஸ்பத்திரி? தமையனின் தொலைபேசி இலக்கம் என்ன? அனுப்பவும். உறுதிப்படுத்திய பின் ஆவன செய்வோம்.”

ஆவன செய்வோம். கூட்டுறவுச் சங்கத்தில் மனுக்களுக்கு எழுதுகிற அதே வசனம்.

மத்தியான வேலை நேரத்தில் விக்னராஜாவின் முதலாளி யாரையும் போனைத் தொட விடமாட்டான். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு மேசைக்குக் கோப்பை அடுக்கப் போனேன். சிஞ்ஞோராவின் தம்பி எழும்பி நின்று வாழ்த்துப் பேசினார். நான் மீனுக்குப் பிறகு பழம் கொண்டுபோனேன். பழத்துக்குப் பிறகு கோப்பி.

மூன்றரைக்கு விக்னராஜாவின் பதில் வந்தது. ஆஸ்பத்திரியின் பெயர், வார்ட் நம்பர், தமையன் இராஜதுரையின் நம்பர், எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தான். “இப்பதான் பாத்தனான் அண்ணை, குறை நினையாதேங்கோ.” வேலை முடிந்து தெருவில் இறங்கியதும் எடுத்தேன். மூன்று தரம் லைன் பிஸியாக இருந்தது. நாலாம் தரம் இராஜதுரை எடுத்தார்.

நான் யார் என்று சொல்லி, செய்தி உண்மையா என்று கேட்டேன்.

“உண்மையோ எண்டு கேக்கிறதுக்கோ எடுத்தனீங்கள்?” என்றார். “அங்கை அவளுக்கு இன்னும் சொல்லேல்லையோ?”

“இல்லை, அது வந்து…”

“இஞ்சை ஆறு மணி வரைக்கும் அவன் ஃபோனை நெஞ்சிலை வைச்சுக்கொண்டு கிடந்தவன் ஐயா. இப்ப ஐசியுவுக்குள்ளை கொண்டு போட்டாங்கள். ஆக்களை விடமாட்டினம். அவனுக்கு நினைவும் இல்லையாம்.”

ஒரு கடை வாசற்படியில் குந்திவிட்டேன். அங்கே ஆறு மணி என்றால் இங்கே இரண்டரை. நான் குரல் பதிவைக் கேட்டது பதினொன்று நாற்பது. எப்படிக் கணக்குப் பார்த்தாலும் நடுவில் இரண்டே முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் வந்தது. நான் அதைக் கோப்பிக் கோப்பைகளோடு கழித்திருந்தேன்.

குகனேஸ்வரியை ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் சந்தித்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேசினிக்கு எடுத்து, பரமேஸ்வரி வேலை முடிந்து வந்துவிட்டாளா என்று மட்டும் கேட்டாள். பிறகு இருவரும் பிரான்காச்சோ பஸ் ஏறினோம்.

பரமேஸ்வரிதான் கதவைத் திறந்தாள். அரிசி கழுவிய கை ஈரமாக இருந்தது. சேலையும் சட்டையுமாகப் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து கிழமை நாளில் வந்து நின்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

“ஆருக்கு?” என்றாள்.

குகனேஸ்வரி அவளை உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் இருத்திச் சொன்னாள். பரமேஸ்வரி தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள்.

“அவர் மணல் ஏத்தப் போட்டார் அக்கா. அங்கை கவரேஜ் இல்லை, நாலைஞ்சு நாள் எடுக்காதை எண்டு சொன்னவர்.”

“நீ தனிய நிண்டு பயப்பிடுவாய் எண்டு பொய் சொல்லியிருக்கிறார் பிள்ளை.”

எடுத்தோம். இராஜதுரை போனை வார்ட் வாசலில் நீட்டிப் பிடித்தார். ஒரு பச்சைக் கதவு மட்டும் தெரிந்தது. அவள் அந்தக் கதவைப் பார்த்து, “இஞ்சேருங்கோ, நான் கதைக்கிறன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கேசினி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். மறுநாள் காலை செல்வராசா இறந்துவிட்டான்.

அவளால் போக முடியாது. அவளுக்குக் கிடைத்தது அசிலோ, அகதித் தஞ்சம். அந்தப் பயணப் புத்தகத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகக் கூடாது. செத்த வீட்டைப் போனில்தான் பார்த்தாள். பெட்டியை மூடும்போது அங்கே யாரோ போனைக் கைமாற்றினார்கள், படம் கூரையைக் காட்டியது. அப்போது அவள் கத்திய கத்தல் படிக்கட்டில் நின்ற எனக்குக் கேட்டது.

மரண அறிவித்தலைக் குழுவில் நான்தான் போட்டேன். உறுதிப்படுத்தப்பட்டது, எழுத்துப்பிழை ஒன்றும் இல்லாதது. அதன் கீழே சனம் அனுதாபம் எழுதிவிட்டு, மெல்ல மெல்ல விக்னராஜாவிடம் போனது. அவனுக்கு மத்தியானத்துக்கு முன்னமே தெரியுமாம் என்று ஒருவர் எழுதினார். உயிரோடு இருக்கிற மனிசனைச் சாகடிக்க மட்டும் கை வரும், உண்மையைச் சொல்லக் கை வராது என்று இன்னொருவர் எழுதினார். அவன் ஒரு பதிலும் போடவில்லை. நானும் போடவில்லை. உறுதிப்படுத்தாத செய்தியைப் பகிர வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் வாயில் கொழுக்கட்டையோடு இருந்தேன். அப்படி ஏழு நாள் இருந்தேன். நான் ஒரு கோழை, அதை வேறு வார்த்தையில் மெழுக இப்போது மனமில்லை.

ஏழாம் நாள் அவனுடைய உணவகத்தின் பின் கதவில் போய் நின்றேன். ஏப்ரனோடு வந்தான்.

“நீ எனக்கு உடனேயே அனுப்பினதை ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“சொல்லி என்னண்ணை வரப்போகுது?” என்றான். “என்னை முந்தியும் சனம் ஏசினதுதான். பழகிப்போச்சு. உங்களை நம்பித்தானே எல்லாரும் அந்தக் குழுவிலை இருக்கினம்.”

அவன் நக்கலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவன் உள்ளே போனதும் அங்கேயே நின்று குழுவில் எழுதினேன்: “விக்னராஜா எனக்குப் பதினொன்று நாற்பதுக்கே அனுப்பிவிட்டான். போட வேண்டாம் என்று சொன்னவன் நான். பிழை என்னுடையது.” குகனேஸ்வரிக்கு வாசித்துக் காட்டவில்லை. அனுப்பினேன். ஒருவரும் கட்டைவிரல் போடவில்லை.

மறுநாள் எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல். பரமேஸ்வரியின் அறையில் செல்வராசாவின் படத்துக்கு முன்னால் படைத்திருந்தார்கள். அவள் குழுவில் இல்லை, ஆனால் யாராவது காட்டியிருப்பார்கள். ஆனாலும் நேரில் சொல்லாமல் திரும்பி வரக் கூடாது என்று இருந்தேன். பெண்கள் குசினியில் நின்ற நேரம் பார்த்து அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன்.

“தங்கச்சி, விக்னனிலை பிழையில்லை. எனக்குத்தான் அவன் முதல் சொன்னவன். நான்தான் உறுதிப்படுத்த வேணும் எண்டு மறிச்சனான்.”

“கேசினி காட்டினவள்” என்றாள். குரலில் கோபம் இல்லை. அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. “அறிவித்தலையும் காட்டினவள். நல்ல வடிவா எழுதியிருக்கிறியள் அண்ணை.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏசு, செருப்பால் அடி, எதையாவது செய் என்று மனம் கேட்டது.

“அத்தான் எனக்கு ஒண்டு சொன்னவர்” என்றாள். அவள் அத்தான் என்றது இராஜதுரையை. “இவர் கேட்டுக்கொண்டே இருந்தவராம், பரமேசுக்குச் சொல்லியாச்சோ, பரமேசுக்குச் சொல்லியாச்சோ எண்டு. அத்தான் விக்னன் அண்ணைக்குச் சொன்னதாலை, ஓம், அவளுக்குத் தெரியும், இப்ப எடுப்பாள் எண்டு சொல்லிப்போட்டாராம். அதுக்குப் பிறகு மூண்டு மணித்தியாலம் அவர் ஃபோனைப் பாத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.”

குசினியில் யாரோ தண்ணீர்க் குழாயைப் பூட்டினார்கள்.

“நான் தெரிஞ்சுகொண்டும் எடுக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டுதானே அண்ணை அவர் போயிருப்பார்? எனக்குத் தெரியாது எண்டு இனி ஆர் அவருக்குச் சொல்லுறது?”

அவள் எழும்பி, படத்துக்கு முன்னால் அணைந்துகிடந்த திரியை மறுபடி கொளுத்தப் போனாள்.